ஒரே அலமாரி, மூன்று விதமான விற்பனைக் குறிப்பு: எதைத் தேர்ந்தெடுப்பது?

அலமாரியைப் பூட்டி முடித்து குட்டியானையில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த பட்டறை, அதே அலமாரியைப் பலகை பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்புவது என்று முடிவு செய்தால், மரவேலையில் பெரிதாக எதுவும் மாறாது. மாறுவது விற்பனைக் குறிப்புதான். முன்பெல்லாம் பட்டறை ஆள் வீட்டுக்கு நேரில் போய் அறையைப் பார்ப்பார், வாசல் அகலத்தை அளப்பார், கட்டில் எங்கே இருக்கிறது என்று கவனிப்பார், கடைசியில் நிறுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். பெட்டியில் அனுப்பும்போது அந்த ஆள் போவதில்லை. அவர் பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் வாங்குபவரே பார்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கு நம் கொங்குப் பக்கத்தில் மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது வாட்ஸ்அப் வழி: ஒரு போட்டோ, கீழே "7க்கு 3, இரண்டு கதவு, பிரீ-லாம், மாட்டுவது சுலபம்" என்று ஒரு வரி. மீதியைப் போனில் பேசிக்கொள்ளலாம். இரண்டாவது, ஆன்லைன் விற்பனைத் தளம் கேட்கும் கட்டங்களை நிரப்புவது: நீளம், அகலம், உயரம், எடை, "பூட்ட வேண்டுமா? ஆம்". மூன்றாவது, பட்டறையே ஒரு விவரத்தாள் தயாரிப்பது. அதில் பெட்டிவாரியாக எடை, வெளி அளவும் உள் அளவும், பூட்டும்போது தேவைப்படும் இடம், ஸ்குரூ பை ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதெல்லாம் இருக்கும்.

மூன்றாவதுதான் சிறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் எல்லோருக்கும் அது உண்மையில்லை. அதற்கு அரை நாள் வேலை இருக்கிறது. ஒவ்வொரு முறை பலகை மாறும்போதும் திருத்த வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே அலமாரியை வைத்து மூன்று வழியிலும் எழுதிப் பார்த்து, எது எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம்.

கோவை சுந்தராபுரம் பக்கம் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்வது இரண்டு கதவு அலமாரி. 18 மி.மீ. பிரீ-லாம் பார்ட்டிகிள் போர்டு, முதுகுக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். இரண்டு பக்கப் பலகை, மேல், கீழ், நடுவில் ஒரு தடுப்பு, இடப்பக்கம் நான்கு தட்டு, வலப்பக்கம் துணி மாட்டும் ராடு, அதற்கு மேல் ஒரு தட்டு, அடியில் முன்னும் பின்னும் இரண்டு ஸ்கர்ட்டிங், இரண்டு கதவு. எல்லாம் பூட்டியபின் உயரம் 2100 மி.மீ., அகலம் 900 மி.மீ., கதவோடு சேர்த்து ஆழம் 550 மி.மீ.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் வழியில் இதை "7க்கு 3" என்று எழுதுகிறோம். 2100 மி.மீ. என்பது 7 அடி இல்லை, 6 அடி 10¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஓரங்குலம் ஒரு பொருட்டே இல்லை. லாஃப்ட்டுக்கு அடியில் நிறுத்த நினைப்பவருக்கு மட்டும் அதுதான் எல்லாமே. நம் வீடுகளில் லாஃப்ட் பெரும்பாலும் லிண்டல் மட்டத்தில் வரும், அதாவது 7 அடி, 2134 மி.மீ. கணக்குக்கு 34 மி.மீ. மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 7 அடி டைல்ஸ் போடுவதற்கு முன்னால் அளந்ததாக இருந்தால், கலவையும் டைலும் சேர்ந்து நாலைந்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நிஜமான இடைவெளி 2090 மி.மீ. பக்கத்தில் நிற்கும். அலமாரி உள்ளே போகாது. அப்போது "நீங்கள் 7 அடி என்றுதானே போட்டீர்கள், என் லாஃப்ட்டும் 7 அடிதான்" என்று வாங்கியவர் சொன்னால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. "உயரம் 2100 மி.மீ., லாஃப்ட்டுக்கு அடியில் வைப்பதானால் தரையிலிருந்து குறைந்தது 2115 மி.மீ. இருக்க வேண்டும், டைல்ஸ் மேலிருந்து அளக்கவும்" என்று எழுதியிருந்தால் அவர் டேப்பை எடுத்து அளந்திருப்பார்.

இரண்டாவது அளவு, நிமிர்த்தத் தேவையான உயரம். இந்த மாதிரி அலமாரியைத் தரையில் படுக்க வைத்துத்தான் பூட்டுவார்கள், அப்புறம்தான் நிமிர்த்துவார்கள். நிமிரும்போது மூலையிலிருந்து மூலைக்கான நீளம் மேலே போகும். கதவு மாட்டாத கூடு 530 மி.மீ. ஆழம், 2100 மி.மீ. உயரம் என்றால் அந்த நீளம் சுமார் 2166 மி.மீ. பத்தடி கூரை உள்ள அறையில் இது பிரச்சினையே இல்லை. லாஃப்ட்டுக்கு நேர் கீழே பூட்டி அங்கேயே நிமிர்த்தப் பார்த்தால் இடிக்கும். அறையின் நடுவில் நிமிர்த்தி உள்ளே தள்ள வேண்டும். தகரக் கூரை சரிந்து வரும் லைன் வீடுகளில் சுவரோரம் உயரம் குறைவாக இருக்கும், அங்கேயும் இந்த எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விற்பனைத் தளத்தின் கட்டங்களில் இதற்கு இடமே கிடையாது. இரண்டாவது வழியின் பெரிய குறை இதுதான்: கட்டம் கேட்காத விஷயத்தை நாமும் எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

அப்புறம் உள் ஆழம். 550 மி.மீ. என்று படிப்பவர் 55 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துணி மாட்டலாம் என்று நினைப்பார். கதவுப் பலகை 18, கதவுக்கும் கூட்டுக்கும் நடுவில் 2, முதுகுப் பலகை 3 போக, உள்ளே மிஞ்சுவது 527. நடுத்தடுப்பும் ராடுக்கு மேலுள்ள தட்டும் இன்னும் கொஞ்சம் உள்வாங்கி 510. சட்டை மாட்டும் ஹேங்கர் 42 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும், துணியின் தோள் அதற்கும் சற்று வெளியே நிற்கும், அதனால் இந்த ஆழம் போதும். ஆனால் நம் வீடுகளில் ஒப்பிடுவது இன்னொரு மர அலமாரியோடு இல்லை, இரும்பு பீரோவோடு. வழக்கமான பீரோ சுமார் ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 19 அங்குல ஆழம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க நினைப்பவருக்கு இது இரண்டரை அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கதவை நேராகத் திறந்தால் சுவரிலிருந்து 980 மி.மீ. வரை வரும். கட்டில் அதற்கு முன்பே ஆரம்பித்தால் கதவு பாதியில் நிற்கும். விவரத்தாளில் "கதவு திறந்த நிலையில் 980 மி.மீ." என்ற ஒற்றை வரி, நான்கு அழகான போட்டோக்களைவிட உபயோகமானது என்பது என் எண்ணம்.

சரி, எடைக்கு வருவோம். மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பணமாக மாறுகிறது.

எடையைத் தராசில் போடாமலே ஓரளவு கணக்கிடலாம். பார்ட்டிகிள் போர்டு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 680 கிலோ. 18 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் 12¼ கிலோ, ஒரு முழு ஷீட் ஏறக்குறைய 36 கிலோ. நம் அலமாரியின் பலகைகளை எல்லாம் கூட்டினால் 7.15 சதுர மீட்டர் வரும், அதாவது சுமார் 87½ கிலோ. முதுகுப் பலகை 4 கிலோ. கீல், பலகைகளை இணைக்கும் மினிபிக்ஸ், ராடு, கைப்பிடி, பூட்டு எல்லாம் சேர்த்து 3 கிலோ. மொத்தம் 94 முதல் 95. அட்டையும் தெர்மோகோலும் சேர்ந்தால் 99 கிலோ பக்கம் நிற்கும்.

99 கிலோவை ஒரே பெட்டியாகக் கட்ட முடியாது. மூன்றாகப் பிரிக்கலாம். பக்கப் பலகை இரண்டும் முதுகுப் பலகையும் ஒன்றில், 33 கிலோ. முதுகுப் பலகையை இரண்டாக அறுத்து நடுவில் பிளாஸ்டிக் பட்டி கொடுத்தால்தான் அது இந்தப் பெட்டிக்குள் அடங்கும். கதவு இரண்டும் நடுத்தடுப்பும் இரண்டாவதில், 36 கிலோ. மேல், கீழ், தட்டுகள், ஸ்கர்ட்டிங், ஸ்குரூ பைகள் மூன்றாவதில், 30 கிலோ. நீளமான பெட்டி 215 சென்டிமீட்டர், குட்டையானது 90 சென்டிமீட்டரை ஒட்டி வரும்.

இப்போது தளத்தின் கட்டத்தை நிரப்புவோம். "பொருளின் அளவு" என்று ஓரிடம், "பேக்கேஜ் அளவு" என்று இன்னோரிடம் இருக்கும். அவசரத்தில் இரண்டிலும் 210, 90, 55 என்று பூட்டிய அலமாரியின் அளவையே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து "வால்யூமெட்ரிக் எடை" என்று ஒன்றை எடுப்பார்கள். அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 210ஐ 90ஆலும் 55ஆலும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 208 கிலோ. நிஜமாக அனுப்புவது 99 கிலோ, சுமைக்கூலி கணக்காவது 208 கிலோவுக்கு. அந்தக் கூலியைப் பார்த்தே வாங்குபவர் ஓடிவிடுவார், இல்லையென்றால் "டெலிவரி இலவசம்" என்று போட்ட பட்டறை நஷ்டப்படும்.

பெட்டியின் நிஜ அளவைப் போட்டால் கதையே வேறு. நீளமான பெட்டி 215க்கு 58க்கு 7½ சென்டிமீட்டர் என்றால் வால்யூமெட்ரிக் எடை 18.7 கிலோதான், நிஜ எடை 33. ஆக, நிஜ எடைக்கே கூலி. இது தற்செயல் இல்லை. 5000-ஆல் வகுப்பது என்றால் ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு. பலகையோ அதைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. நடுவில் காற்று விடாமல் தட்டையாகக் கட்டிய பலகைப் பெட்டி எப்போதுமே நிஜ எடையில்தான் போகும். "வால்யூமெட்ரிக் போட்டு அடிச்சுருவாங்க" என்று பயந்து பெட்டியைச் சுருக்க மெனக்கெடும் பட்டறைக்காரர்கள் கவலைப்பட வேண்டியது கன அளவைப் பற்றி இல்லை, நீளத்தைப் பற்றி. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்டியைப் பல கூரியர்கள் எடுப்பதே இல்லை. அது லாரி பார்சல் சர்வீஸில்தான் போக வேண்டும்.

லாரி பார்சல் நமக்குப் புதிதில்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரியால் பேர் வாங்கிய ஊர்கள். ஆனால் பார்சல் ஆபீஸ் புக்கிங்கில் ஒரு கேள்வி இருக்கிறது: வீடு வரைக்குமா, குடோன் வரைக்குமா? குடோன் வரைக்கும் என்றால் வாங்குபவரே போய் எடுத்துவர வேண்டும். அங்கேதான் பெட்டிவாரி எடை அவருக்குத் தேவைப்படுகிறது. மொத்தம் 99 கிலோ என்று மட்டும் தெரிந்தால் அவருக்கு எதுவும் விளங்காது. 33, 36, 30 என்று மூன்று பெட்டி, நீளமானது ஏழடி என்று தெரிந்தால், ஆட்டோ போதாது, குட்டியானைதான் பேச வேண்டும், கூட ஒரு ஆளைக் கூட்டிப் போக வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்வார். "ஏனுங்க, ஒரு ஆள் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிறலாமுங்களா?" என்று போனில் கேட்பவருக்கு எடை மட்டும் பதிலாகாது. 36 கிலோவை ஒரு ஆள் தூக்கலாம். அதே 36 கிலோ ஏழடி நீளப் பெட்டியாக மாடிப்படி திருப்பத்தில் வரும்போது ஒரு ஆளால் முடியாது. "நீளமான இரண்டு பெட்டிக்கும் இரண்டு ஆள்" என்று எழுதிவிடுங்கள்.

வேறு பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு, அதையும் எழுதலாம். திருப்பூரில் லைன் வீடுகளின் வாசல் பல இடங்களில் இரண்டரை அடிதான். பூட்டிய அலமாரியைக் கதவோடு உள்ளே கொண்டுபோவது அங்கே ஒரு பாடு. அறுபது சென்டிமீட்டர் அகலம் உள்ள தட்டைப் பெட்டி சாதாரணமாக நுழையும். இந்தப் பொருளை அங்கே விற்பதற்கான முக்கியக் காரணமே அதுதான், அதைப் பெரும்பாலான குறிப்புகள் சொல்வதே இல்லை.

எடையைக் கணக்குப் போட்டு எழுதுவதைவிடத் தராசில் வைத்து எழுதுவது நல்லது. பலகை எந்த மில்லிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அடர்த்தி மாறும். மேடைத் தராசு பட்டறையில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் இருக்கும். மூன்று பெட்டியையும் கட்டி முடித்தபின் வைத்துப் பார்த்து, "5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்" என்று சேர்த்து எழுதினால் போதும்.

அடுத்தது ஸ்குரூ பை. முதல் வழியில் "எல்லா ஹார்டுவேரும் உள்ளே இருக்கு" என்று எழுதுகிறோம். வாங்குபவருக்கு அதில் "எல்லாம்" என்பது சுவரில் அடிக்கும் பிளக் வரைக்கும். பட்டறைக்கு அது மினிபிக்ஸோடு முடிந்துவிடுகிறது. இந்த அலமாரிக்கு வேண்டியது: 24 மினிபிக்ஸ், 24 மர டவல் குச்சி, தட்டுகளுக்கு 12 பின், 8 ஆட்டோ ஹிஞ்ச், அதற்கான 32 ஸ்குரூ, முதுகுப் பலகைக்குச் சுமார் 50 சின்ன ஸ்குரூ, கைப்பிடி, ராடு, பூட்டு, சுவரோடு பிடிக்க இரண்டு எல்-கிளாம்ப். எண்ணிக்கையைவிட முக்கியமானது அளவு. மினிபிக்ஸில் வட்டமான கேம் பெரும்பாலும் 15 மி.மீ.தான், ஆனால் அதோடு சேரும் போல்ட் 24 மி.மீ. துளைத் தூரத்துக்கும் வரும், 34 மி.மீ. தூரத்துக்கும் வரும். பட்டறை 34க்குத் துளை போட்டிருக்கும்போது, ஒரு போல்ட் தொலைந்து பக்கத்துக் கடையில் 24 வாங்கி வந்தால் கேம் திரும்பும், ஆனால் எதையும் பிடிக்காது. குறிப்பில் "15 மி.மீ. கேம், 34 மி.மீ. போல்ட்" என்று இருந்தால் இந்த அலைச்சல் இல்லை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டு, அதையும் சொல்லிவிட்டால் "ஒண்ணு மிச்சமாயிருச்சு, எங்கயோ விட்டுட்டோம்" என்ற போனும் வராது.

என்ன இல்லை என்பதைத் தனியாக எழுத வேண்டும். நட்சத்திர முனை ஸ்குரூடிரைவர், சுத்தியல், டேப், சுவரைத் துளைக்க டிரில் மெஷின், பிளக் ஆகியவை இதில் இல்லை என்று. பிளக்கை வேண்டுமென்றே விடுவதுதான் சரி. செங்கல் சுவருக்கு ஒரு வகை, ஹாலோ பிளாக் சுவருக்கு வேறு வகை. ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் அடித்தால் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். "உங்கள் சுவருக்கு ஏற்ற பிளக் வாங்கவும்" என்பதோடு, சுவரில் பிடிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 11 கிலோ உள்ள இரண்டு கதவையும் ஒருசேரத் திறந்து, குழந்தை கீழ்த்தட்டில் ஏறி நின்றால் இது முன்னால் சாயும்.

பூட்டும் வேலை எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதைத்தான் மூன்று வழிகளும் மோசமாகச் சொல்கின்றன. "சுலபம்" என்பது ஒன்றையுமே சொல்வதில்லை. தளத்தின் "ஆம்" அதைவிடக் குறைவாகச் சொல்கிறது. மணிக்கணக்கு பரவாயில்லை, ஆனால் யாருடைய மணி? பட்டறையில் தினமும் பூட்டுகிற ஆள் பவர் ஸ்குரூடிரைவர் வைத்துக்கொண்டு முடிக்கும் நேரத்தைப் போட்டால் அது வாங்குபவருக்கு உதவாது. பழக்கமில்லாத இரண்டு பேர் கையால் பூட்டினால் இந்த அலமாரிக்கு மூன்று நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த முறை நேரத்தோடு கடினமான இடத்தையும் சொல்வது. இந்த அலமாரியில் அப்படி இரண்டு இடம்.

ஒன்று, மினிபிக்ஸ். போல்ட்டை அதன் கழுத்து பலகையைத் தொடும்வரை முழுதாக இறக்க வேண்டும். ஒரு சுற்று மிச்சம் வைத்தாலும் கேமைத் திருப்பியபின் இரண்டு பலகைக்கும் நடுவில் கோடு மாதிரி இடைவெளி தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கேமை இன்னும் முறுக்கினால் அது உடையும். திரும்பப் பிரித்து போல்ட்டை இறக்குவதுதான் வழி. கேமுக்குப் பவர் ஸ்குரூடிரைவர் கூடவே கூடாது, கையால் அரைச் சுற்று போதும்.

இன்னொன்று முதுகுப் பலகை. பார்க்க ஒன்றுக்கும் உதவாத மெல்லிய எம்.டி.எஃப்., ஆனால் கூட்டைச் சதுரமாகப் பிடித்து வைப்பது அதுதான். ஸ்குரூ அடிப்பதற்கு முன்னால் பின்புறத்தில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இந்த அலமாரிக்கு இரண்டும் 2285 மி.மீ. வர வேண்டும். ஒன்று 2288, இன்னொன்று 2282 என்றால் கூடு சாய்ந்திருக்கிறது. அப்படியே அடித்துவிட்டால் கடைசியில் கதவு மாட்டும்போது ஒரு கதவு மேலேயும் இன்னொன்று கீழேயும் நிற்கும், ஹிஞ்ச் ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் சேராது. வாங்கியவர் "கதவு கோணலா வந்திருக்கு" என்று போட்டோ அனுப்புவார். கதவில் குறையே இருக்காது. இந்த 2285 என்ற எண் விற்பனைக் குறிப்பிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். இருக்கட்டும். படிப்பவர் அதைப் பார்த்தே தன்னால் முடியுமா, ஆசாரியைக் கூப்பிட வேண்டுமா என்று முடிவு செய்வார். அந்த முடிவு பணம் கட்டுவதற்கு முன்னால் நடப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

திருப்பூர் மாதிரி வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய உள்ள ஊருக்கு இன்னொரு வரியும் வேண்டும்: எத்தனை தடவை பிரிக்கலாம்? மினிபிக்ஸில் பிரிக்கும்போது கேமை மட்டும் திருப்புகிறோம், போல்ட் பலகையிலேயே இருந்துவிடுகிறது. அதனால் வீடு மாறும்போது சில தடவை பிரித்துப் பூட்டினாலும் பிடி போகாது. அதற்குப் பதில் செலவைக் குறைக்க நேரடியாகப் பலகையில் நீள ஸ்குரூ இறக்கும் பட்டறைகள் உண்டு. முதல் தடவை அது மினிபிக்ஸைவிடக் கெட்டியாகவே நிற்கும். ஆனால் பார்ட்டிகிள் போர்டு தூளை அழுத்திச் செய்தது, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் துளை கொஞ்சம் உதிரும். இரண்டாவது வீட்டுக்குப் போகும்போதே ஆட்டம் கொடுக்கும். "எளிதில் பிரிக்கலாம்" என்று இரண்டு பட்டறையும் ஒரே வரியைத்தான் எழுதுகின்றன. எந்த இணைப்பு என்று எழுதுபவர் விலையில் கொஞ்சம் கூடச் சொன்னாலும் அதற்கு வாங்குபவருக்குக் காரணம் தெரியும்.

இப்போது தேர்வுக்கு வருவோம். கோவைக்குள்ளேயே, மிஞ்சினால் பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், பல்லடம் வரை விற்று, பட்டறை ஆளே போய்ப் பூட்டிக் கொடுப்பதென்றால் வாட்ஸ்அப் வழியை மாற்ற வேண்டியதில்லை. ஸ்குரூ கணக்கும் பூட்டும் நேரமும் வாங்குபவருக்குத் தேவையே படாது. மில்லிமீட்டரில் உயரம், கதவு திறந்த அளவு, நீளமான பெட்டியின் நீளம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் போதும். இவை மூன்றும் ஆள் போய் நின்றபிறகு தெரிந்தால் ஒரு நாள் கூலி வீண்.

பார்சலில் சேலம், மதுரை, பெங்களூரு என்று அனுப்புவதென்றால் விவரத்தாள் இல்லாமல் இறங்க வேண்டாம். இதில் சட்டமும் ஒரு காரணம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு ஒத்துப்போகவில்லை என்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. 99 கிலோவை மூன்று பெட்டியாகத் திரும்ப வரவழைக்கும் கூலியும், வரும் வழியில் பலகை மூலைகள் நொறுங்குவதும் சேர்ந்தால் அந்த அலமாரியில் லாபம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அதுவும் ஒருமுறை பூட்டிப் பிரித்த பலகையைப் புதிது என்று மறுபடி விற்க முடியாது.

விற்பனைத் தளத்தின் வழியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. தளத்தில் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், விவரத்தாளை முதலில் செய்துவிட்டு அதிலிருந்து கட்டங்களை நிரப்புங்கள். பேக்கேஜ் எடையில் மூன்று பெட்டியின் கூட்டுத் தொகை, ஒன்றுக்கு மேல் பெட்டியைத் தளம் அனுமதித்தால் தனித்தனியாக. கட்டத்தில் அடங்காததை விளக்கப் பகுதியின் முதல் ஐந்து வரிக்குள் கொண்டுவந்துவிடுங்கள், கீழே போனால் யாரும் படிப்பதில்லை. நம் அலமாரிக்கு அந்த ஐந்து வரி இப்படி இருக்கும்:

"பூட்டியபின் 2100 உயரம், 900 அகலம், 550 ஆழம் (மி.மீ.), கதவு திறந்தால் 980. உள் ஆழம் 510. லாஃப்ட்டுக்கு அடியில் வைக்க டைல்ஸ் மேலிருந்து குறைந்தது 2115 வேண்டும். பூட்டும்போது நிமிர்த்த 2170 வேண்டும்.
மூன்று பெட்டி: 33, 36, 30 கிலோ. நீளமான பெட்டி 215 செ.மீ., நீளமான இரண்டு பெட்டிக்கும் இரண்டு ஆள் வேண்டும்.
பழக்கமில்லாத இரண்டு பேருக்கு 3 முதல் 4 மணி நேரம். முதுகுப் பலகையை அடிக்கும் முன் மூலைக்கு மூலை 2285 சரிபார்க்க வேண்டும்.
மினிபிக்ஸ் (15 கேம், 34 போல்ட்), ஹிஞ்ச், ஸ்குரூ, எல்-கிளாம்ப் உண்டு. ஒவ்வொரு வகையிலும் கூடுதலாக இரண்டு.
ஸ்குரூடிரைவர், டிரில், சுவர் பிளக் கிடையாது. சுவரோடு கட்டாயம் பிடிக்க வேண்டும்."

கடைசியாக ஒரு எச்சரிக்கை, விவரத்தாள் செய்தவர்களுக்கு. தண்ணீர் பட்டால் ஊதாத பலகை வேண்டும் என்று வால்பாறைப் பக்கத்து வாடிக்கையாளர் கேட்கிறார், எச்.டி.எச்.எம்.ஆர். பலகையில் அதே அலமாரியைச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அளவு, துளை, ஸ்குரூ எல்லாம் அப்படியே இருப்பதால் பழைய குறிப்பையே போடத் தோன்றும். ஆனால் அந்தப் பலகை கன மீட்டருக்கு 850 கிலோ பக்கம் வரும். 99 கிலோ 121 ஆகும், கதவுப் பெட்டி 36-லிருந்து 44½ கிலோவுக்குப் போகும். அதை மூன்று பெட்டியாக விடாமல், நடுத்தடுப்பைப் பிரித்து நான்காவது பெட்டியில் போட்டு, எடை வரியைப் புதிதாக எழுத வேண்டும். கதவும் ஒவ்வொன்று 14 கிலோவை நெருங்கும், அதனால் கதவுக்கு நான்கு ஹிஞ்ச் போதுமா, ஐந்து வேண்டுமா என்று ஹிஞ்ச் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஸ்குரூ பையின் கணக்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.